அட்டையில் இருப்பவரும் எதிரே நிற்பவரும் ஒருவர்தானா? கவுண்டரில் நான் செய்த இரண்டு தவறுகள்

கவுண்டர்_செல்வி | 4 மார்ச் 2024, இரவு 9.10

வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் ஆறு வருடமாக உட்காருகிறேன். ஊர், கிளை பெயர் வேண்டாம். இன்று ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினேன். நகையைத் திருப்ப வந்தவர். அடகுச் சீட்டு இருந்தது, பணம் இருந்தது, அசல் அடையாள அட்டையும் இருந்தது. அட்டையிலிருந்த ஆளுக்கு அடர்ந்த முடி, கருப்பு மீசை, கன்னம் நிறைந்த முகம். எதிரே நின்றவருக்கு மொட்டைத் தலை, மீசை இல்லை, தடித்த கண்ணாடி, ஒட்டிய கன்னம். இரண்டு முறை பார்த்தேன். இவர் அவர் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. "வேற ஆளா இருக்கே, அவரையே வரச் சொல்லுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து மேலாளர் உள்ளே வந்தார். அவரும் பெரியவரும் ஒரே ஊர். வாசலிலிருந்தே "என்ன மாமா, திருச்செந்தூர் போயிட்டு வந்தாச்சா?" என்று கேட்டார். மேலாளர் அட்டையைப் பார்க்கவே இல்லை.

என் கேள்வி இதுதான். அவருக்கு ஒரு நொடியில் தெரிந்தது, இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்த எனக்கு ஏன் தெரியவில்லை? கவுண்டரில் இருப்பவர்கள் முகத்தில் எதைப் பார்க்கிறீர்கள்?

---

பழைய_காசாளர் | 4 மார்ச், இரவு 10.02

31 வருடம் கேஷ் கவுண்டர். கண்ணைப் பார்க்க வேண்டும். முடி மாறும், உடம்பு மாறும், கண்ணும் காதும் சாகும் வரை மாறாது. இதெல்லாம் வருடக்கணக்கில் உட்கார்ந்தால்தான் வரும். ஆறு வருடம் போதாது.

---

திருப்பூர்_குமார் | 5 மார்ச், காலை 7.15

எனக்கும் இதே பிரச்சினைதான். ஆதாரில் என் படம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதை வீட்டிலிருந்தே ஆன்லைனில் மாற்ற முடியுமா?

---

கவுண்டர்_செல்வி | 5 மார்ச், காலை 8.30

குமார், நான் கேட்டது வேறு. ஆனாலும் சொல்கிறேன்: படத்தை ஆன்லைனில் மாற்ற முடியாது. ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டும், அங்கேதான் புதிதாக எடுப்பார்கள்.

காசாளர் சார், கண்ணைத்தான் பார்த்தேன். அவர் போட்டிருந்த கண்ணாடிக்குப் பின்னால் கண் வேறு மாதிரி இருந்தது.

---

நிலா_ஆய்வு | 5 மார்ச், பகல் 1.40

உளவியல் துறையில் முக ஒப்பீடு பற்றித்தான் ஆய்வு செய்கிறேன். செல்வி அக்கா, நீங்களும் மேலாளரும் செய்தது ஒரே வேலை இல்லை. அவர் அந்த முகத்தைப் பல வருடமாக, பல வெளிச்சத்தில், தாடியோடும் தாடி இல்லாமலும், சிரித்தும் கோபித்தும் பார்த்திருக்கிறார். அந்த முகம் எவ்வளவு தூரம் மாறும் என்பதே அவருக்குத் தெரியும். உங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். தெரியாத முகத்தில் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் உள்ள வித்தியாசமாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

2011-இல் வெளிவந்த ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டியது. 40 படங்களைக் கலைத்துப் போட்டு, ஆள் வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையில் இருந்தது இரண்டே பெண்கள், நெதர்லாந்தில் பிரபலமானவர்கள், ஆளுக்கு 20 படம். அவர்களைத் தெரியாத பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டு அடுக்குகள் வைத்தார்கள். ஒரே பெண்ணை மூன்று நான்கு பேராக்கிவிட்டார்கள். டச்சுக்காரர்களுக்கு இரண்டு அடுக்கு வைப்பதில் சிரமமே இல்லை.

தெரிந்த முகத்தில் நமக்கு இருக்கும் திறமையை நம்பித்தான் தெரியாத முகத்தையும் துணிந்து தீர்ப்புச் சொல்கிறோம். நேற்று உங்களுக்கு நடந்தது அதுதான்.

---

பழைய_காசாளர் | 5 மார்ச், மாலை 6.20

ஆய்வகத்தில் மாணவர்களை உட்கார வைத்துச் செய்வது வேறு, வரிசை நிற்கும்போது கவுண்டரில் பார்ப்பது வேறு. தொழில் செய்பவர்களை வைத்துச் செய்திருக்கிறார்களா?

---

நிலா_ஆய்வு | 5 மார்ச், இரவு 8.05

செய்திருக்கிறார்கள் சார். இங்கிலாந்தில் 1997-இல் ரிச்சர்ட் கெம்ப்பும் கூட்டாளிகளும் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலேயே செய்தார்கள். உண்மையான காசாளர்கள், படம் ஒட்டிய கடன் அட்டைகள். சிலர் தங்கள் அட்டையைக் கொடுத்தார்கள், சிலர் வேறொருவர் படம் இருந்த அட்டையைக் கொடுத்தார்கள். சோதனை நடக்கிறது என்பது காசாளர்களுக்குத் தெரியும். அப்படியும் வேறொருவர் படம் இருந்த அட்டைகளில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் அலுவலர்களை வைத்துச் செய்தது 2014-இல் வந்தது. எதிரே நிற்பவரின் படம் அல்லாத படத்தைக் காட்டியபோது ஏழு தடவைக்கு ஒரு தடவை "இவர்தான்" என்று ஏற்றுக்கொண்டார்கள். வேலை அனுபவ வருடங்களுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இல்லை. இதே வேலையில் பயிற்சி இல்லாத மாணவர்களைவிட அவர்கள் மேலாகவும் இல்லை.

---

பழைய_காசாளர் | 5 மார்ச், இரவு 9.50

நம்ப முடியவில்லை. 31 வருடத்தில் நான் ஒரு ஆளைக்கூடத் தவறாக விட்டதில்லை.

---

கவுண்டர்_செல்வி | 6 மார்ச், காலை 6.50

சார், இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், எழுத மனசு வரவில்லை. போன வருடம் ஒரு தம்பி அண்ணனின் அட்டையோடு வந்து நகையைத் திருப்பிக்கொண்டு போனான். நான்தான் கொடுத்தேன். அண்ணன் வளைகுடாவில் வேலை. விடுமுறையில் வந்து கிளையில் கேட்டபோதுதான் தெரிந்தது. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் "நானும் ஒருவரையும் தவறாக விட்டதில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். தவறாக விட்ட ஆள் திரும்பி வந்து சொல்லப் போவதில்லை. அண்ணன் வராமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். எனக்கு விளக்கக் கடிதம் எழுதியதோடு போயிற்று. ஆனால் இந்த இரண்டையும் நேற்றிரவு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரே மாதிரி வகிடு, ஒரே மாதிரி மீசை, ஒரே அகல நெற்றி. அண்ணனின் அட்டைப் படம் இரண்டு வருடப் பழசு. அதனால் நான் சட்டென்று 'ஆம்' என்றேன். பெரியவரின் படம் பன்னிரண்டு வருடம் பழசு. முடியும் மீசையும் போயிருந்தன. அதனால் 'இல்லை' என்றேன். இரண்டு தடவையும் நான் பார்த்தது முடியை. முகத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

பாத்திமா_அஞ்சல் | 6 மார்ச், பகல் 12.15

அஞ்சலகச் சேமிப்புக் கவுண்டரில் இருக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் தலையை மூடித்தான் வருவார்கள். முகத்தையும் மூடியிருந்தால் உள்ளறைக்குக் கூட்டிப்போய் நான்தான் பார்ப்பேன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே முடி என்ற ஒன்று கிடைக்கவில்லை. அதனால் புருவத்திலிருந்து கீழுதடு வரைதான் பார்த்துப் பழகினேன். செல்வி சொல்வதைப் படித்தபோதுதான் மற்றவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்று புரிந்தது.

---

நிலா_ஆய்வு | 6 மார்ச், பகல் 2.30

தெரியாத முகத்தில் முடியும் முகத்தின் வெளி வடிவமும்தான் முதலில் கண்ணை இழுக்கும். தெரிந்த முகத்தில் கண், மூக்கு, வாய்ப் பகுதிக்குக் கவனம் போகும். தலைமுக்காடு வழக்கமாக இருக்கும் எகிப்தில் செய்த சோதனையில், அங்குள்ளவர்கள் முகத்தின் உள்பகுதியை வைத்து ஒப்பிடுவதில் பிரிட்டன்காரர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பாத்திமா அக்கா சொன்னது அதோடு ஒத்துப்போகிறது.

செல்வி அக்கா, ஒரு சின்ன காரியம் செய்து பாருங்கள். அட்டைப் படத்தில் முடியை விரலால் மறையுங்கள். புருவத்துக்கு மேல் ஒன்றும் தெரியக் கூடாது. அப்புறம் ஆளைப் பாருங்கள்.

---

ஸ்டுடியோ_மாரி | 6 மார்ச், இரவு 11.20

சாத்தூர் பக்கம் 28 வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் ஆளைக் குறை சொல்கிறீர்கள், பார்ப்பவரைக் குறை சொல்கிறீர்கள். படத்தை யாரும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருபவர் கேட்பது என்ன? "அண்ணே, கொஞ்சம் கலரா போட்டுடுங்க." கலராகப் போட்டால் கன்னத்தின் நிழல் போகும், கண்ணுக்குக் கீழே உள்ள குழி போகும். டச்சப்பில் பருவை எடுக்கும்போது மச்சமும் சேர்ந்து போகும். நானே எத்தனை மச்சத்தை எடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. இப்போது எடுப்பதில்லை. ஒரு பெண்ணுக்குத் தேர்வறையில் கேள்வி வந்தது, அவளுடைய அப்பா என்னிடம் வந்து சொன்னார். அன்றோடு விட்டேன்.

அடுத்தது தூரம். நான் ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுப்பேன். சில மையங்களில் சின்ன வெப் கேமராவை மேசை மேல் வைத்து, ஆளை முன்னால் குனியச் சொல்லி எடுப்பார்கள். கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகும், மூக்கு புடைக்கும். காது பின்னால் இருப்பதால் சுருங்கும். முகமே ஒடுங்கித் தெரியும். அந்த ஆள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நான்கடி தள்ளி நிற்கும்போது மூக்கும் காதும் சரியான அளவில் இருக்கும். நீங்கள் "மூக்கு வேற" என்று சொல்வீர்கள்.

---

நிலா_ஆய்வு | 7 மார்ச், காலை 9.00

மாரி அண்ணா சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கைச் சரிசெய்யக் கேட்டு வருபவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. அதனால் மூக்கின் அகலத்தை வைத்து மட்டும் யாரையும் மறுக்கக் கூடாது.

---

பழைய_காசாளர் | 7 மார்ச், காலை 10.45

சரி, மூக்கை விடுங்கள். காது? நான் முதலிலேயே சொன்னேன், காது மாறாது.

---

பாத்திமா_அஞ்சல் | 7 மார்ச், மாலை 5.10

சார், எங்கள் பக்கம் பாம்படம் போட்ட பாட்டிகள் இன்னும் ஓய்வூதியம் வாங்க வருகிறார்கள். அட்டைப் படத்தில் பாம்படம் தொங்கும். இப்போது அதைக் கழற்றிவிட்டு, அறுந்த காதைத் தைத்துக்கொண்டு வருகிறார்கள். காது மடலே வேறு.

---

நிலா_ஆய்வு | 7 மார்ச், இரவு 7.30

காசாளர் சார் பாதி சரி. காது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் 1995-இல் அளந்து வருடத்துக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் என்று எழுதினார். பத்து வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர், கவுண்டரில் அது தெரியாது. தெரிவது மடல் தொங்குவதுதான், தோடும் வயதும் அதைச் செய்யும். ஆனால் காதின் மேல் பாதியில் உள்ள மடிப்புகள், அந்த வளைவுகள், ஆளுக்கு ஆள் வேறுபடும், வயதால் அவ்வளவாகக் குலையாது. ஆக மேல் காதைப் பாருங்கள், கீழ் மடலை விட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். காதையும் மச்சம், தழும்பு போன்ற அடையாளங்களையும் பார் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவே மதிப்பெண்ணை ஓரளவு உயர்த்தியது. முகம் வட்டமா நீளமா என்று வகை பிரிக்கச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிகள் பயன்படவில்லை. எடை கூடினாலோ கேமரா தூரம் மாறினாலோ வட்டம் நீளமாகிவிடும்.

---

கவுண்டர்_செல்வி | 7 மார்ச், இரவு 10.15

மச்சம் என்றதும் என் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். "அங்க அடையாளங்கள்" என்று இரண்டு வரி. வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. அதை எழுதிய ஆசிரியர் என்னை அழைத்து நிறுத்தி, கையைத் திருப்பிப் பார்த்துத்தான் எழுதினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகம் வளர்ந்து மாறிவிடும், மச்சம் அங்கேயே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஆறு வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு தடவைகூட மச்சத்தைத் தேடவில்லை.

---

ஸ்டுடியோ_மாரி | 8 மார்ச், காலை 8.00

தேடுங்கள், ஆனால் ஒன்று கவனம். ஆளிடம் மச்சம் இருக்கிறது, படத்தில் இல்லை என்றால் அதை வைத்து மறுக்காதீர்கள். என்னைப் போல எவனாவது எடுத்திருப்பான், அல்லது அச்சு மங்கலாக இருக்கும். படத்தில் மச்சம் தெளிவாக இருந்து ஆளிடம் இல்லை என்றால்தான் கேட்க வேண்டும். ஜெராக்ஸை வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் தூசிப் புள்ளியும் மச்சமும் ஒன்றுதான்.

---

திருப்பூர்_குமார் | 8 மார்ச், காலை 9.20

கண்ணாடி போட்டே படம் எடுக்கலாமா?

---

ஸ்டுடியோ_மாரி | 8 மார்ச், காலை 9.45

கழற்றிவிட்டு எடுங்கள். அமெரிக்க பாஸ்போர்ட், விசாவுக்கு 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியோடு எடுத்த படமே கூடாது. என்னிடம் வருபவர்களை எந்த அட்டைக்கானாலும் கழற்றத்தான் சொல்கிறேன்.

காரணம் சொல்கிறேன், செல்விக்கும் பயன்படும். மைனஸ் பவர் கண்ணாடி கண்ணைச் சின்னதாக்கும். பவர் அதிகமென்றால் கன்னத்தின் ஓரமும் கண்ணாடிக்குள் உள்வாங்கித் தெரியும், அந்த இடத்தில் முகம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். பிளஸ் பவர் நேர் எதிர், கண் பெரிதாகிவிடும். தடித்த ஃபிரேம் என்றால் புருவமே மறையும். வெள்ளை விளக்கு பட்டால் கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், அதற்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது.

---

நிலா_ஆய்வு | 8 மார்ச், பகல் 1.15

கண்ணாடியே பிரச்சினை என்று இல்லை, ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாததுதான் பிரச்சினை. 2016-இல் வந்த ஒரு ஒப்பீட்டில், இரண்டு படத்திலும் கண்ணாடி இருந்தாலும் இரண்டிலும் இல்லாவிட்டாலும் நூற்றுக்குச் சுமார் 80 சரியாகச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் இருந்தபோது 74 ஆகக் குறைந்தது. ஆகவே கவுண்டரில் செய்ய வேண்டியது எளிது. படத்தில் இல்லையென்றால் கழற்றச் சொல்லுங்கள். படத்தில் இருந்தால், அவரிடமும் இருந்தால், போட்டபடியே பார்த்துவிட்டு அப்புறம் கழற்றச் சொல்லுங்கள்.

---

கவுண்டர்_செல்வி | 8 மார்ச், இரவு 9.40

பெரியவரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கன்னம் ஒட்டியது எப்படி என்று மேலாளரிடம் கேட்டேன். கடைவாய்ப் பற்கள் எல்லாம் விழுந்துவிட்டனவாம், பல் செட்டைச் சாப்பிடும்போதுதான் போடுவாராம். பல் இல்லாமல் வாயை மூடினால் மோவாய் மேலேறி மூக்குக்கு அருகில் வரும், கன்னம் உள்ளே போகும், உதடு மெலியும். முகத்தின் கீழ்ப் பாதி முழுவதும் மாறிவிடுகிறது. மேலே முடி இல்லை, நடுவில் கண்ணாடி, கீழே பல் இல்லை. நான் எதை வைத்துத்தான் ஒப்பிட்டேன்?

கண்ணாடியைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. அவரை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

---

பழைய_காசாளர் | 9 மார்ச், காலை 7.30

பல் விஷயம் உண்மை. என் அப்பாவுக்கும் அப்படித்தான். ஓய்வூதிய நேர்காணலுக்குப் போகும்போது அம்மா மறக்காமல் பல் செட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்.

ஆனால் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கிளையில் ஒருவர் இருந்தார். இருபது வருடம் முன்பு ஒரே ஒரு தடவை வந்த வாடிக்கையாளரைச் சந்தையில் பார்த்து, ஊர் பெயர் சொல்லி விசாரிப்பார். அந்த மாதிரி ஆளை ஏழில் ஒன்று தவறவிடுவார் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

---

நிலா_ஆய்வு | 9 மார்ச், காலை 11.00

நானும் அதைச் சொல்லவில்லை சார். சராசரி அது. ஆளுக்கு ஆள் மிகப் பெரிய வித்தியாசம் உண்டு, அந்த ஆஸ்திரேலிய அலுவலர்களிலும் சிலர் மிக நன்றாகச் செய்தார்கள். உங்கள் நண்பருக்கு அது இயல்பாக வந்ததாக இருக்கலாம். கவுண்டரில் உட்கார்ந்ததால் வந்தது என்பதுதான் நிரூபணமாகவில்லை.

---

கவுண்டர்_செல்வி | 10 மார்ச், ஞாயிறு, பகல் 3.20

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் கிளையில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரின் பழைய அட்டைப் படமும், போனில் இப்போதைய படமும், கூடவே அண்ணன் தம்பி, அக்கா தங்கை படமும் கொண்டுவந்தோம். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான். 24 ஜோடி தேறியது. ஒரே ஆளா, வேறு ஆளா என்று துண்டுச் சீட்டில் எழுத வேண்டும்.

எனக்கு 17. மேலாளருக்கு 16. உதவியாளராக இருக்கும் அக்காவுக்கு 23. டீ கொண்டுவந்து கொடுப்பது, கோப்பு எடுத்துவைப்பதுதான் அவருடைய வேலை, ஒருநாளும் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை. எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டோம். "எதையும் பார்க்கல, மூஞ்சியைத்தான் பார்த்தேன்" என்றார்.

நான் தவறவிட்ட ஏழில் ஐந்து, வேறு ஆளை ஒரே ஆள் என்று சொன்னவை. ஐந்திலும் முடி ஒரே மாதிரி.

---

நிலா_ஆய்வு | 10 மார்ச், மாலை 6.00

அருமை! ஆனால் 24 ஜோடி கொஞ்சம்தான். 17-க்கும் 16-க்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. 23 என்பதைக் கவனிக்கலாம். வேறு படங்களை வைத்து இன்னொரு தடவை செய்து, அப்போதும் அவர் அப்படியே வந்தால் சந்தேகமான அட்டைகளை அவரிடம் காட்டுவதில் தவறில்லை.

ஒரு நிபந்தனை. "இந்த ஆள் மேல் சந்தேகமா இருக்கு, பாருங்க" என்று சொல்லிக் காட்டாதீர்கள். நீங்கள் நினைத்ததை அவர் கேட்டுவிட்டால் அது இரண்டாவது கருத்து ஆகாது. அட்டையை மட்டும் கொடுத்து, ஆளைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

பாத்திமா_அஞ்சல் | 10 மார்ச், இரவு 8.45

நான் ஒரு வரிசையைப் பழக்கமாக்கியிருக்கிறேன். அட்டையை வாங்கியதும் பெயரைப் படிக்க மாட்டேன். முதலில் படம், உடனே ஆள். அப்புறம்தான் பெயர், பிறந்த தேதி, கணக்கு எண். பெயரும் எண்ணும் சரியாக இருப்பதை முதலில் பார்த்துவிட்டால் மனசு "சரி, எல்லாம் சரி" என்று முடிவு கட்டிவிடுகிறது. அப்புறம் முகத்தைப் பார்ப்பது சடங்குதான்.

---

நிலா_ஆய்வு | 10 மார்ச், இரவு 9.30

பாத்திமா அக்கா, இதை நீங்களாகவே கண்டுபிடித்தீர்களா! படத்தைத் தனியாகக் காட்டுவதைவிட பாஸ்போர்ட் பக்கத்துக்குள் வைத்துக் காட்டினால் "ஒரே ஆள்" என்று சொல்வது கூடுகிறது என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

---

கவுண்டர்_செல்வி | 12 மார்ச், இரவு 10.30

இரண்டு நாளாக இப்படிச் செய்கிறேன்: அட்டை வாங்கியதும் பெயருக்கு முன் படம். முடி மேல் கட்டைவிரல். கண்ணாடி ஒன்றில் மட்டும் இருந்தால் "கொஞ்சம் கண்ணாடியைக் கழற்றுங்கய்யா". அட்டை தந்த தேதியைப் பார்த்து எத்தனை வயதில் எடுத்த படம் என்று கணக்கிடுகிறேன். பத்து வருடம் தாண்டியிருந்தால் கன்னம், உதடு, முடி மூன்றையும் விட்டுவிட்டு மேல் காது, மச்சம், தழும்பு, புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள இடம் என்று ஒவ்வொன்றாகப் போகிறேன். மொத்தமாக ஒரு பார்வை பார்ப்பதைவிட ஒவ்வொன்றாகப் பார்ப்பது நிதானமாக இருக்கிறது. ஒரு ஆளுக்கு அரை நிமிடம் கூடுதலாகிறது. நேற்று வரிசையில் ஒருவர் சத்தம் போட்டார்.

ஒன்று சரிவரவில்லை. பெண்களின் அட்டைப் படங்களில் பாதிக்கு மேல் காதே தெரிவதில்லை, முடி மூடியிருக்கிறது அல்லது படம் அவ்வளவு சின்னது. அப்போது புருவம், மூக்குக்குக் கீழே உள்ள பள்ளம், உதட்டின் மேல் கோடு இவைதான் மிச்சம். போதவில்லை.

---

பழைய_காசாளர் | 13 மார்ச், காலை 8.10

இதற்குத்தான் எங்கள் காலத்தில் கையெழுத்து. முகம் எப்படியோ போகட்டும், கையெழுத்து பேசும்.

---

கவுண்டர்_செல்வி | 13 மார்ச், காலை 8.40

அந்தத் தம்பி அண்ணனின் கையெழுத்தைப் போட்டான் சார், அதையும் நான் சரி என்றுதான் சொன்னேன். குறுஞ்செய்தி போன எண்ணும் வீட்டில் விட்டுச் சென்ற போன், தம்பி கையில்தான் இருந்தது. இப்போது அவனுடைய படத்தையும் அண்ணன் படத்தையும் பக்கத்தில் வைத்து, முடியை மறைத்து, காதைப் பார்த்து, எல்லாம் செய்து பார்த்தேன். மேல் காதில் ஒரு மடிப்பு வேறுபடுகிறது. வேறு ஆள் என்று தெரிந்த பிறகு பார்ப்பதால் எனக்கு அது தெரிகிறதா, அன்றே பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

நிலா_ஆய்வு | 13 மார்ச், பகல் 12.00

எனக்கும் தெரியாது அக்கா. கூடப் பிறந்தவர்களில் அடையாள அட்டைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகப் பிரிக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் முகத்தை விட்டுவிட்டு வேறு வழியில்தான் போக வேண்டும்.

---

பாத்திமா_அஞ்சல் | 13 மார்ச், பகல் 1.25

நான் கேட்பேன். நகையை வைத்த நாளில் கூட யார் வந்தார்கள், வளையலா சங்கிலியா, எத்தனை உருப்படி. தம்பிக்கும் தெரிந்திருக்கலாம்தான். ஆனால் பதில் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் படத்தில் கிடைக்காதது சில சமயம் கிடைக்கும். சில சமயம் கிடைக்காது.

---

திருப்பூர்_குமார் | 15 மார்ச், மாலை 4.00

ஆதார் மையத்துக்குப் போய் வந்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன். கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மாரி அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

---

கவுண்டர்_செல்வி | 18 மார்ச், இரவு 9.05

பெரியவர் இன்று மறுபடி வந்தார், இன்னொரு நகையைத் திருப்ப. முடி கொஞ்சம் முளைத்திருந்தது, வெள்ளை வெள்ளையாக. அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "உன் வேலையைத்தானே பாத்தே" என்றார். அட்டையை வாங்கி, படத்தில் முடியை மறைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். இடது புருவத்தின் வால் பக்கம் முடி இல்லாத ஒரு சின்னத் தழும்பு. படத்தில் அதே இடத்தில் புருவம் அறுந்து தெரிகிறது. பன்னிரண்டு வருடமாக அட்டையில் இருந்திருக்கிறது. சிறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததாகச் சொன்னார்.

படம் மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆதார் மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். பல் செட்டைப் போட்டுக்கொண்டு எடுப்பதா, கழற்றிவிட்டு எடுப்பதா என்று கேட்டார். வெளியே வரும்போது எப்படி வருவீர்களோ அப்படியே எடுங்கள் என்றேன். அது சரியா மாரி அண்ணா?

---

ஸ்டுடியோ_மாரி | 18 மார்ச், இரவு 11.10

நான் போட்டுக்கொண்டுதான் எடுக்கச் சொல்வேன். போட்டால் பழைய படத்தின் தாடையோடு ஒத்துப்போகும். ஆனால் அவர் செட் இல்லாமல்தான் வெளியே நடமாடுகிறார் என்றால் நீங்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள், எப்படி எடுத்தாலும் வங்கிக்கு வரும்போது செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.